‘நவ்’ வந்தால் ‘இங்’ வர வேண்டுமா?

பிழைதிருத்தப் பயிற்சித்தாள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆங்கில நிகழ்காலத்தைப் பற்றிய பயிற்சி அது. நான்கு வாக்கியங்கள் கொடுத்து, பிழை இருந்தால் திருத்து என்று கேட்டிருந்தேன்.

“ஐ ஆம் நோயிங் ஹிஸ் நேம்.”
“ஷீ ஈஸ் வான்ட்டிங் எ நியூ பேக் நவ்.”
“ஆர் யூ நோயிங் தி வே?”
“ஹீ ஈஸ் திங்கிங் அபௌட் ஹிஸ் எக்ஸாம்.”

மாணவி எழுதிய விடைகள் இவை. முதலாவதற்கு “ஐ ஆம் நோ ஹிஸ் நேம்.” இரண்டாவதை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ‘சரி’ என்று குறித்திருந்தாள். மூன்றாவதற்கு “ஆர் யூ நோ தி வே?” நான்காவதற்கு “ஹீ திங்க்ஸ் அபௌட் ஹிஸ் எக்ஸாம்.”

நான்குமே தவறு என்று மதிப்பெண் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தாலே அவள் விதியைப் படித்திருக்கிறாள் என்பது தெரிந்தது. ‘நோ’, ‘வான்ட்’, ‘லைக்’, ‘பிலீவ்’ போன்று, செயலைச் சொல்லாமல் நிலையைச் சொல்லும் நிலைவினைகளுக்கு ‘இங்’ வராது என்ற பட்டியலை அவள் மனப்பாடமாகவே சொல்வாள். அப்படியிருந்தும் இரண்டாவதை ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

“கடைசியில் ‘நவ்’ இருக்கே மிஸ். ‘நவ்’ வந்தா கன்டினியூஸ்தானே?”

இந்தப் பதிலை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். குறை பாதி எங்களுடையது. கன்டினியூஸ் பாடத்தை நடத்தும்போது ‘நவ்’, ‘அட் தி மொமென்ட்’ ஆகிய சொற்களை அடையாளமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘நவ்’ நேரத்தைத்தான் சொல்கிறது, வினையின் வடிவத்தைத் தீர்மானிப்பதில்லை. “ஐ வான்ட் இட் நவ்” என்பது குறையில்லாத வாக்கியம். இந்த நேரத்தில் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறதா, ஒரு நிலை இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

அதைப் புரியவைக்க நான் தமிழுக்குத் திரும்பினேன். “அவன் பெயர் எனக்குத் தெரியும். இதையே ‘கொண்டிருக்கிறது’ போட்டுச் சொல்லு பார்ப்போம்” என்றேன். “எனக்குத் தெரிஞ்சுகிட்டிருக்கு...” என்று தொடங்கி, அவளே சிரித்து நிறுத்திவிட்டாள். தமிழிலும் அந்த வடிவம் வராது. வலிந்து “தெரிந்துகொண்டிருக்கிறேன்” என்றால் பொருள் வேறாகிவிடும். முன்பு தெரியாத ஒன்றை அறிந்திருக்கிறேன், அல்லது கற்றுவருகிறேன் என்றாகும். ‘வேண்டும்’ இன்னும் தெளிவான சாட்சி. “எனக்குப் பை வேண்டும்” என்பதைத் தொடர்வினையாக்கி “வேண்டிக்கொண்டிருக்கிறேன்” என்றால், கேட்பவர் நான் பிரார்த்தனை செய்கிறேன் என்றுதான் நினைப்பார்.

அப்படியென்றால் தாய்மொழியில் செய்யாத பிழையை ஆங்கிலத்தில் ஏன் செய்கிறோம்? தமிழில் ‘தெரியும்’, ‘வேண்டும்’, ‘பிடிக்கும்’ ஆகியவை ‘நான்’ என்பதோடு வருவதில்லை, ‘எனக்கு’ என்பதோடு வருகின்றன. ‘சாப்பிடுகிறேன்’ போல இறுதியில் ‘ஏன்’ விகுதியும் இல்லை. இது நான் செய்யும் செயல் அல்ல என்பதை வாக்கியத்தின் அமைப்பே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த அடையாளம் இல்லை. “ஐ ஈட்”, “ஐ நோ” இரண்டும் கண்ணுக்கு ஒரே அச்சில் வார்த்தவை. “ஐ ஆம் ஈட்டிங்” சரியென்றால் “ஐ ஆம் நோயிங்” ஏன் கூடாது என்று பிள்ளை நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் ஐயம் வந்தால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார், ‘எனக்கு’ வருகிறதா ‘நான்’ வருகிறதா என்று கவனி என்பேன். ‘எனக்கு’ வந்தால் ‘இங்’ போடுமுன் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ‘நம்புகிறேன்’ என்பதில் ‘நான்’தான் வருகிறது, ஆனால் ‘பிலீவ்’ நிலைவினை. தமிழ் நேராகவே வழிதவற வைக்கும் இடம் ‘ஹேவ்’. “இரண்டு பேனா வைத்திருக்கிறேன்” என்பதில் உள்ள ‘இருக்கிறேன்’ கன்டினியூஸ் போல ஒலிப்பதால், “ஐ ஆம் ஹேவிங் டூ பென்ஸ்” என்று வந்துவிடுகிறது. வேண்டியது “ஐ ஹேவ் டூ பென்ஸ்”தான். இங்கே நான் கேட்கும் கேள்வி வேறு: நீ தூங்கும்போதும் அது உண்மையாகவே இருக்குமா? தூங்கினாலும் பேனா உன்னுடையதுதான், அவன் பெயர் உனக்குத் தெரியும்தான், உன் நம்பிக்கையும் மாறாது. சாப்பிடுவது அப்படியல்ல, நடுவில் நிறுத்தலாம், மெதுவாகவும் செய்யலாம். இதற்கும் ஒரு விலக்கு உண்டு. ‘லிவ்’ தூக்கத்திலும் தொடரும், ஆனாலும் தற்காலிகமாகத் தங்கியிருப்பதைச் சொல்ல “ஐ ஆம் லிவிங் வித் மை அங்கிள்” என்பது சரியே.

இனி முதல் விடையையும் மூன்றாவதையும் பார்ப்போம். பிழை எங்கே என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள், ஆனால் பாதியைத்தான் அகற்றியிருக்கிறாள். ‘ஆம்’, ‘இங்’ இரண்டும் சேர்ந்தவைதான் கன்டினியூஸ். ‘இங்’கை மட்டும் வெட்டினால் ‘ஆம்’ அந்தரத்தில் நிற்கும். எனவே அவளிடம் ‘ஆம் நோயிங்’ முழுவதையும் வட்டமிடச் சொன்னேன். வட்டத்துக்குள் இருப்பதை மொத்தமாக எடுத்துவிட்டு வெறும் ‘நோ’வை வைத்தால் “ஐ நோ ஹிஸ் நேம்” கிடைக்கிறது. அடுத்து எழுவாயைப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் ‘ஷீ’ இருப்பதால் ‘வான்ட்ஸ்’. ‘ஈஸ்’ போனதும் ‘எஸ்’ சேர்க்க மறப்பது மிகவும் சகஜம், ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றை உண்டாக்குகிறோம். கடைசியாக, அது கேள்வியா எதிர்மறையா என்று பார்க்க வேண்டும். ‘ஆர்’ போய்விட்டால் கேள்வியைத் தாங்க வேறொரு சொல் வேண்டும், அதற்கு ‘டூ’ வரும்: “டூ யூ நோ தி வே?” அதேபோல “ஷீ ஈஸ் நாட் வான்ட்டிங்” என்பது “ஷீ டஸ் நாட் வான்ட்” ஆகும். ‘டஸ்’ஸே ‘எஸ்’ஸைச் சுமந்துகொண்டதால் ‘வான்ட்’ மறுபடி அதை ஏற்காது.

நான்காவதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. பட்டியலில் ‘திங்க்’ இருந்ததால் பயந்து திருத்தியிருக்கிறாள். ‘திங்க்’ என்ற ஒரு சொல்லில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. “ஐ திங்க் ஹீ ஈஸ் ரைட்” என்பது கருத்து, அது நிலை. தேர்வைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது மனம் செய்யும் வேலை, அதற்கு ‘திங்கிங்’தான் பொருத்தம். ‘ஹேவ்’ அதே போலத்தான். பேனா வைத்திருப்பது நிலை, ‘ஹேவிங் லன்ச்’ என்றால் சாப்பிடுவது. அதனால் பட்டியலைச் சொற்களின் பட்டியலாகக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். பொருளோடு சேர்த்தே எழுதிக் கொடுக்கிறேன்.

‘நோ’வும் ‘வான்ட்’டும்கூட ஒரே உறுதியுடையவை அல்ல. ‘ஆம் நோயிங்’ என்பதற்கு வழக்கில் இடமே இல்லை. ‘வான்ட்’ நிகழ்காலக் கன்டினியூஸில் தேர்வுத்தாளில் தவறுதான், ஆனால் “ஐ ஹேவ் பீன் வான்ட்டிங் டு டாக் டு யூ” என்று, சில நாளாகவே பேச நினைத்ததை ஆங்கிலம் பேசுபவர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். அதைக் கண்டு பிழையென்று கோடு போட வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் அவள் ஒன்று கேட்டாள். “மிஸ், ஒருத்தரை இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுக்கறேன்னா, அது மெதுவா நடக்கிற விஷயம்தானே? அதை எப்படிச் சொல்றது?”

அவள் கேட்டது தூங்கும்போது நின்றுவிடும் வகை. தமிழில் ‘தெரிந்துகொள்’ என்று வேறு வினை வந்ததைப் போலவே ஆங்கிலத்திலும் வேறு வினை வரும் என்று சொல்லி, அவள் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்: “ஐ ஆம் கெட்டிங் டு நோ ஹெர்.” ‘இங்’ ஏறியிருப்பது எந்தச் சொல்லில் என்று கேட்டேன். ‘கெட்’டின்மேல் விரலை வைத்தாள்.