சீரம் தெளிவாக இருக்கிறது, ட்ரைகிளிசரைடு மட்டும் எப்படி 480?

ட்ரைகிளிசரைடு கூடுதலாக வந்தாலே "சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்" என்று நோயாளியைக் கேட்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். சமீபத்தில் வந்தவர் முப்பதுகளில் இருப்பவர். மூன்று முறை எடுத்தும் 480 மி.கி. பக்கம்தான், ஒவ்வொரு முறையும் 12 மணி நேரம் பட்டினி. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. வீட்டிலும் திட்டு, மருத்துவரிடமும் திட்டு.

அவருடைய குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். சீரம் பளிச்சென்று தெளிவாக இருந்தது. உண்மையிலேயே 480 மி.கி. கொழுப்பு மிதந்தால் சீரம் பெரும்பாலும் கலங்கலாகத் தெரிய வேண்டும்.

நாம் கொழுப்பை நேரடியாக அளப்பதே இல்லை. லைபேஸ் ட்ரைகிளிசரைடை உடைத்து கிளிசராலை வெளியே விடுகிறது, அந்தக் கிளிசரால் மற்ற நொதிகள் வழியாக ஹைட்ரஜன் பெராக்சைடைத் தந்து கடைசியில் சிவப்பு நிறமாகிறது, அதைத்தான் 505 நானோமீட்டர் பக்கத்தில் படிக்கிறோம். ரத்தத்தில் ஏற்கெனவே தனியாகத் திரியும் கிளிசராலும் அதே நிறத்தைத்தான் தரும். வழக்கமாக அது 10 மி.கி. அளவுக்குத்தான் கூட்டிக் காட்டும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

தனிக் கிளிசராலை மட்டும் அளக்க இவருக்கு லைபேஸ் இல்லாத ரீஏஜென்டில் பிளாங்க் போட்டேன். அதிலேயே 390! கழித்தால் உண்மையான ட்ரைகிளிசரைடு 90. கிளிசரால் கைனேஸ் என்ற நொதி குறைவாக இருக்கும் பிறவிக் குறைபாட்டில் இப்படி வரும், எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். இவருக்குச் சிறுநீரிலும் கிளிசரால் எக்கச்சக்கம். எத்தனை நாள் பட்டினி கிடந்தாலும் இது இறங்காது, ட்ரைகிளிசரைடு மாத்திரைக்கும் இங்கே வேலை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் 45. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், 480-ஐ ஐந்தால் வகுத்து வருவதையும் கழித்தால் எல்டிஎல் 49 என்று அழகாக வரும் (400-க்கு மேல் அந்தச் சூத்திரமே செல்லாது, அது வேறு விஷயம்). 90-ஐப் போட்டால் 127. எது கவனிக்க வேண்டிய எண் என்று நீங்களே பாருங்கள்.

பட்டினி விஷயத்துக்கு வருவோம். சாதாரணச் சாப்பாட்டுக்குப் பிறகு சராசரியாக 20, 30 மி.கி. ஏறும், சிலருக்கு இன்னும் கூட. அதனால் சாப்பிட்டபின் எடுத்ததில் 400-க்கு மேல் வந்தால் 9 முதல் 12 மணி நேரப் பட்டினியில் மறுபடி எடுங்கள். தண்ணீர் குடிக்கலாம். முந்தின இரவு மது வேண்டாம். நல்ல எண் வரட்டும் என்று 18 மணி நேரம் கிடக்காதீர்கள், உடல் தன் கொழுப்பையே உடைக்கத் தொடங்கி தனிக் கிளிசரால் ஏறும்.

லேப் நண்பர்களே, எண்ணும் சீரமும் ஒத்துப்போகவில்லை என்றால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பிளாங்க் போடுங்கள். ஹெப்பாரின் ஏறுபவர், கிளிசரால் கலந்த மருந்து நரம்பில் ஏறுபவர், சர்க்கரை கட்டுப்பாடே இல்லாதவர் என்றால் கேட்காமலே போடுங்கள். நோயாளிகள் மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், "கிளிசரால் பிளாங்க் போட்டார்களா" என்று மருத்துவரிடம் கேளுங்கள், போதும்.