அழிக்கப்பட்ட பதிவின் எண்கள் எங்கே போகின்றன?

ஒரு சமூக ஊடகக் கணக்கில் ஒரு மாதத்தில் ஐந்து பதிவுகள் வெளியாயின என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் பார்வைகள் முறையே 4,000, 3,000, 5,000, 2,000, 6,000. ஆக மொத்தம் 20,000. விருப்பக்குறி, பின்னூட்டம், பகிர்வு எல்லாம் சேர்ந்த ஈடுபாடுகள் 200, 150, 250, 20, 180, கூட்டினால் 800. ஈடுபாட்டு விகிதம் 4 சதவீதம் என்று மாத அறிக்கை போய்விடுகிறது. அடுத்த வாரம் ஏதோ காரணத்துக்காக ஐந்தாவது பதிவை யாரோ அழித்துவிடுகிறார்கள். அதே மாதத்துக்கான அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தால் பார்வைகள் 14,000 என்றும், ஈடுபாடுகள் 620 என்றும், விகிதம் ஏறத்தாழ 4.43 சதவீதம் என்றும் வருகின்றன. முடிந்துபோன ஒரு மாதத்தின் பார்வைகள் 30 சதவீதம் குறைந்திருக்கின்றன. அதே மாதத்தின் விகிதமோ கூடியிருக்கிறது. நடந்தது எதுவும் மாறவில்லை, கணக்கு மட்டும் மாறிவிட்டது.

பார்வை குறைந்தது கண்ணில் படும், யாராவது கேள்வி கேட்பார்கள். விகிதம் கூடியதை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் இதில் எனக்கு அதிகக் கவலை தரும் பகுதி. சரியாக எடுபடாத பதிவுகளைத்தான் மக்கள் பெரும்பாலும் அழிக்கிறார்கள் என்பதால், எஞ்சியவற்றை மட்டும் வைத்துச் சராசரி எடுக்கும் கருவி, காலம் செல்லச் செல்லக் கடந்த காலத்தை மெருகேற்றிக்கொண்டே போகும்.

இதன் காரணம் எளிமையானது. வெளிக் கருவிகள் தரவு கேட்பதற்காகத் தளங்கள் திறந்துவைக்கும் ஏபிஐ பொதுவாகத் தருவது, ஒரு பதிவு வெளியான நாள் முதல் கேட்கும் நொடி வரை சேர்ந்த மொத்தத்தை. அது நேற்று எவ்வளவாக இருந்தது என்று கேட்டால் பல அளவுகளுக்குப் பதில் கிடையாது. பதிவு அழிந்தால் அந்த மொத்தமும் அதனோடு போய்விடும். தளங்கள் தங்களுக்குள்ளேயே இதை வெவ்வேறு விதமாகக் கையாளுகின்றன. யூடியூபில் ஒரு காணொளியை நிரந்தரமாக நீக்கினால், அதன் பார்வை நேரம் சேனலின் மொத்தத்தில் தொடர்ந்து இருக்கும். ஆனால் அந்தக் காணொளியின் பெயரில் தனியாகக் காட்டப்படாது. ஆகவே காணொளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டியவருக்கும் சேனலின் மொத்தத்தைப் பார்த்தவருக்கும் கணக்கு ஒத்துப்போகாது. இருவர் கணக்கிலும் பிழை இருக்காது.

இதற்கான தீர்வு, எண்ணைப் பதிவின் ஒரு பண்பாகக் கருதுவதை விட்டுவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எடுத்த ஓர் அளவீடாகக் கருதுவதில் தொடங்குகிறது. `posts` என்ற அட்டவணையில் `views` என்று ஒரு புலம் வைத்து, ஒவ்வொரு முறையும் பழைய எண்ணின்மேல் புதியதை எழுதும் வடிவமைப்பில் வரலாறு என்ற ஒன்றே கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு அளவீட்டையும் `snapshots` என்ற தனி அட்டவணையில் புதிய வரியாகச் சேர்க்க வேண்டும். எழுதிய வரியைத் திருத்தவோ அழிக்கவோ கூடாது. வங்கிப் பேரேட்டில் தவறு நேர்ந்தால் பழைய வரியை அடிப்பதில்லை, எதிர்வரி ஒன்று எழுதுகிறார்கள், அதே முறைதான். ஒரு காலப்பகுதியின் வளர்ச்சி வேண்டுமென்றால், அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தை எடுக்கலாம்:

```sql
SELECT platform_id, captured_at,
       views - LAG(views, 1, 0) OVER (
         PARTITION BY platform_id
         ORDER BY captured_at) AS delta
FROM snapshots;
```

இனி ஒரே ஒரு பதிவின் வாழ்வைப் பின்தொடர்வோம். காலை 8 மணிக்கு வெளியாகிறது. கருவி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளவெடுக்கிறது. நண்பகல் 12 மணிக்கு 1,800, மாலை 6 மணிக்கு 3,000, நள்ளிரவில் 4,200. மறுநாள் காலை 6 மணிக்கு 4,500, நண்பகலில் 5,400, மாலையில் 6,000. இதற்கிடையே முதல் நாள் இரவு 8.30 மணிக்குத் தவறான இணைப்பு ஒன்றைத் திருத்தியிருக்கிறார்கள். மறுநாள் இரவு 10 மணிக்குப் பதிவையே நீக்கிவிட்டார்கள்.

திருத்தத்துக்குப் பின் பதிவு எப்படிப் போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? திருத்தத்துக்கு முன் 3,000 என்பது உறுதி. நள்ளிரவுக்குப் பின் வந்த 1,800 பார்வைகள் திருத்திய வடிவத்துக்கு உரியவை என்பதும் உறுதி. இடையில் உள்ள 1,200 இரண்டுக்கும் பொதுவானது. நேர அளவில் பிரித்தால் ஆறு மணி நேரத்தில் இரண்டரை மணி நேரம் பழைய வடிவம் இருந்தது, எனவே 500 பழையதற்கு, 700 புதியதற்கு என்று சொல்லலாம். ஆனால் அது மதிப்பீடு, அளவீடு அல்ல. அதைத் தனிப் புலத்தில் எழுதி, மதிப்பீடு என்று அடையாளமிட வேண்டும். திருத்தம் அதே கருவியின் வழியாக நடந்தால் இந்தச் சிக்கலே எழாது: திருத்தக் கட்டளையை அனுப்புவதற்கு முந்தைய கணத்தில் கருவி ஓர் அளவெடுத்துக்கொண்டால் போதும். தளத்தில் நேரடியாகத் திருத்தினால்தான் தொல்லை.

அப்படி நேரடியாகச் செய்த திருத்தத்தைக் கருவி எப்படி அறியும்? ஃபேஸ்புக் தரும் `updated_time` என்ற புலத்தை நம்பத் தோன்றும். ஆனால் பதிவுக்கு ஒரு புதிய பின்னூட்டம் வந்தாலும் அந்த நேரம் மாறும். ஆகவே அது திருத்தத்துக்கான சான்று ஆகாது. நம்பத்தக்க வழி, ஒவ்வொரு அளவீட்டின்போதும் பதிவின் வாசகத்தையும் வாங்கி, வாசகத்தின் கைரேகை போன்ற ஹாஷ் என்ற குறுகிய குறியைக் கணக்கிட்டு, முந்தையதோடு ஒப்பிடுவது. இங்கே தமிழில் எழுதுவோருக்கு ஒரு குழி இருக்கிறது. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் U+0BCA என்ற ஒரே குறியீடாகவும் எழுதலாம், U+0BC6, U+0BBE என்ற இரண்டின் சேர்க்கையாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஹாஷுக்கு வேறு வேறு. NFC முறையில் வாசகத்தை ஒழுங்குபடுத்திய பிறகு ஹாஷ் எடுக்காவிட்டால், யாரும் தொடாத பதிவு திருத்தப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

எக்ஸ் தளத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 2022-இல் அங்கே திருத்தும் வசதி வந்தபோது, ஒவ்வொரு திருத்தமும் புதிய அடையாள எண் கொண்ட புதிய பதிவாக அமைக்கப்பட்டது. எல்லா வடிவங்களின் எண்களும் `edit_history_tweet_ids` என்ற பட்டியலில் வரும். தளத்தின் அடையாள எண்ணையே முதன்மைத் திறவுகோலாக வைத்திருக்கும் கருவிக்கு, ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தியதுகூட ஒரு பதிவு மறைந்து இன்னொன்று பிறந்ததாகத் தெரியும். ஆகவே கருவி தனக்கென்று ஓர் உள் அடையாளத்தை உருவாக்கி, தளத்தின் எண்கள் அனைத்தையும் அதன்கீழ்க் கட்டிவைக்க வேண்டும். வித்தியாசத்தை மட்டும் தளத்தின் எண் வாரியாகவே எடுக்க வேண்டும். மேலே உள்ள வினவலில் `platform_id` இருப்பது அதனால்தான். ஒரு வடிவத்தின் எண்ணிக்கையிலிருந்து இன்னொரு வடிவத்தின் எண்ணிக்கையைக் கழித்தால், பொருளே இல்லாத ஒரு பெரிய எதிர்ம எண் வந்து நிற்கும். கூட்டலை உள் அடையாளத்தின்கீழ் பிறகு செய்துகொள்ளலாம்.

பார்வைகளைக் கூட்டலாம், கழிக்கலாம். சென்றடைந்தோர் எண்ணிக்கையை அப்படிச் செய்ய முடியாது. பழைய வடிவத்தைப் பார்த்த ஒருவரே புதியதையும் பார்த்திருக்கலாம். இரண்டு வடிவங்களின் எண்ணிக்கையையும் கூட்டினால் அவர் இருமுறை எண்ணப்படுவார். இதற்குக் கணக்கில் வழியில்லை, அளவுக்கு அருகில் குறிப்பு எழுதுவதுதான் நேர்மை.

இப்போது நீக்கத்துக்கு வருவோம். மூன்றாம் நாள் நள்ளிரவில் கருவி கேட்கும்போது ஃபேஸ்புக் போன்ற தளம் பதிவு அழிந்துவிட்டது என்று தெளிவாகச் சொல்வதில்லை. பிழை எண் 100, துணை எண் 33 வரும். அதன் வாசகமே அந்தப் பொருள் இல்லாமலிருக்கலாம், அனுமதி இல்லாமலிருக்கலாம், அல்லது அந்தச் செயலுக்கு அது இடம் தராமலிருக்கலாம் என்று மூன்று காரணங்களை ஒரே மூச்சில் அடுக்குகிறது. இந்த இடத்தில் அவசரப்படும் கருவி இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யும். எண்ணைச் சுழியமாக எழுதினால், மறுநாள் வரைபடத்தில் 6,000 பார்வைகள் ஒரே இரவில் இழந்ததாக ஒரு பள்ளம் விழும். பதிவை அழித்துவிட்டால், கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட கதைதான்.

எனவே முதலில் அதே கணக்கின் வேறொரு பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் சிக்கல் அனுமதியில் இருக்கிறது, பதிவில் அல்ல. அது கிடைத்து இது மட்டும் கிடைக்காவிட்டால், ‘காணவில்லை’ என்று குறித்து, சில மணி நேர இடைவெளியில் மறுபடியும் கேட்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பல முறை கேட்டும் இல்லையென்றால் மட்டுமே நீக்கம் என்று உறுதிசெய்யலாம். அப்போதும் நீக்கம் என்பது நம் ஊகமே. இன்ஸ்டாகிராமில் பதிவைக் காப்பகத்துக்கு மாற்றியவர் நாளை அதைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆகவே பதிவின் நிலையை மாற்றும் ஒரு வரியை மட்டும் எழுதி, பழைய அளவீடுகளைத் தொடாமல் விட வேண்டும். நிரலர்கள் இந்த வரியைக் கல்லறைக் கல் என்று பொருள்படும் ‘டூம்ஸ்டோன்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். எனக்கு நடுகல் என்ற சொல் இன்னும் பொருந்துவதாகத் தோன்றுகிறது. இருந்தவர் இன்ன நாளில் வீழ்ந்தார் என்று மட்டும் அது சொல்லும்.

நீக்கம் நடந்தது இரவு 10 மணிக்கு, கடைசி அளவீடு மாலை 6 மணிக்கு. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தின் பார்வைகள் மீள முடியாமல் தொலைந்தன. எனவே அறிக்கையில் 6,000 என்று அல்ல, குறைந்தது 6,000 என்றுதான் எழுத வேண்டும். அளவெடுக்கும் இடைவெளி குறைந்தால் இந்த இழப்பும் குறையும். ஆனால் ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்ற வரம்பு தளங்களில் உண்டு என்பதால், புதிய பதிவுகளை அடிக்கடியும் பழையவற்றை எப்போதாவதும் அளப்பதே நடைமுறை.

எதிர்ம வித்தியாசம் எல்லாமே பிழை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தளம் போலிக் கணக்குகளை அகற்றும்போது விருப்பக்குறிகள் உண்மையாகவே குறையும். பல பதிவுகளில் ஒரே நேரத்தில் சிறிய அளவில் குறைந்தால் அது பெரும்பாலும் இத்தகைய திருத்தம். ஒரே பதிவில் மொத்தமும் போனால் நீக்கமோ புதிய அடையாள எண்ணோ. முதல் வகையை அப்படியே எதிர்வரியாக ஏற்றுக்கொள்ள வேண்டும், சுழியத்துக்கு உயர்த்தி மறைக்கக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் அளவெடுத்த நேரத்தோடு, அது நம் தரவுத்தளத்தில் எழுதப்பட்ட நேரமும் இருந்தால், ‘அறிக்கை அனுப்பிய அன்று நமக்குத் தெரிந்த எண்’, ‘இன்று நமக்குத் தெரிந்த எண்’ இரண்டையும் தனித்தனியே எடுத்துக்காட்ட முடியும். வாடிக்கையாளர் பழைய அறிக்கையோடு வந்து நிற்கும்போது இந்த இரண்டாவது நேரக்குறி கைகொடுக்கும்.

கடைசியாக, வரலாற்றைக் காப்பது என்பது எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதற்கான அனுமதி அல்ல. தளத்தில் நீக்கப்பட்ட உள்ளடக்கத்தைச் சேமித்து வைத்திருப்போர் தம்மிடத்திலும் நீக்க வேண்டும் என்று எக்ஸ் தன் நிரலர் விதிகளில் கேட்கிறது. நாம் கண்ட பதிவில் அப்படிச் செய்தால் வாசகமும் படமும் பின்னூட்டமிட்டவர்களின் பெயர்களும் போய்விடும். மிஞ்சுவது உள் அடையாளம், ஆறு அளவீடுகள், ஒரு திருத்தக் குறிப்பு, ஒரு நடுகல் வரி. அந்த மாதத்தின் பார்வைகளையும் விகிதத்தையும் மாறாமல் மீண்டும் கணக்கிட அவை போதும்.