ராத்திரி ரெண்டு மணி ரூட் காஸ் அனாலிசிஸ்

"நான் ஓவர்திங்கிங் எல்லாம் பண்றது இல்லீங்க மேடம், நான் பண்றது ரூட் காஸ் அனாலிசிஸ்."

இப்படி சொன்னவர் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து சரக்கு கப்பல் ஏறற வரைக்கும் பாத்துக்கறவர், வயசு 38. (ரெண்டு மூணு பேரோட கதையைக் கலந்து, ஆள் தெரியாத மாதிரி மாத்திதான் எழுதறேன்.) என்கிட்ட கவுன்சிலிங்குக்கு அவரா வரல, வீட்டம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க. மூணு வாரமா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய் ஹால்ல உக்காந்து ஃபேனையே பாத்துட்டு இருக்காராம், கேட்டா "யோசிச்சிட்டு இருக்கேன், நீ போய் தூங்கு"ன்னு பதில் வருதாம்.

நடந்தது இதுதான். ஒரு டி-ஷர்ட் ஆர்டர்ல ஷேட் வேரியேஷன். பாடி ஒரு நீலம், கை லேசா வேற நீலம். இன்ஸ்பெக்ஷன்ல ஃபெயில் ஆகி, சரக்கு முழுக்க பிரிச்சு செக் பண்ணி, ஒத்துப்போகாததை ஒதுக்கி, லேட்டாதான் போச்சு. அன்னைக்கு ஓனர் எல்லாரும் இருக்கும்போது "உன்னைய நம்பி குடுத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்"னு சொல்லிட்டார். சரக்கு கப்பல் ஏறிடுச்சு, அந்த ஒரு வரி மட்டும் இவருக்குள்ளயே நின்னுருச்சு.

யோசிக்கிறேன் யோசிக்கிறேன்னு சொல்றாரே, என்னதான் யோசிக்கிறார்னு பாக்கணும் இல்லையா. அதனால ராத்திரி மனசுல ஓடறதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டேன். "எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்குது." "பதினாலு வருஷம் உழைச்சு என்ன பிரயோஜனம்." "நான் ஏன் இவ்ளோ கேர்லெஸ்." "அவர் மனசுல என்னைப் பத்தி அப்படித்தான் நினைச்சிருக்காரா." "காலேஜ்ல கூட ஒரு புராஜெக்ட் இப்படித்தான் சொதப்பினேன், நான் எப்பவுமே இப்படித்தானோ."

எழுதிட்டு, பேச்சை மாத்தற மாதிரி ஒண்ணு கேட்டேன். "சரி, நாளைக்கு வேற ஒரு ஆர்டர்ல ஷேட் கம்ப்ளைன்ட் வருது, உங்க ஜூனியர் பாத்த ஆர்டர். நீங்க என்ன பண்ணுவீங்க?"

மனுஷன் நிமிந்து உக்காந்துட்டார். முதல்ல எந்த ரோல், எந்த டையிங் லாட், அதாவது எந்தத் தடவை சாயம் போட்ட துணின்னு பாப்பேன், லேப் டிப்னு சொல்ற கலர் சாம்பிளோட அப்ரூவல் எடுத்து பல்க் துணியோட லைட் பாக்ஸ்ல வச்சு பாப்பேன், கட்டிங்ல ரெண்டு லாட் கலந்துருக்கான்னு கட்டிங் ரிப்போர்ட் பாப்பேன், பண்டில் டிக்கெட் பாப்பேன், எந்த தேதி எந்த டேபிள்னு கேப்பேன்னு மூச்சு விடாம சொல்றார். "அந்த ஜூனியர் காலேஜ்ல என்ன சொதப்பினான்னு கேக்க மாட்டீங்களா?"ன்னேன். சிரிச்சுட்டார், முதல் தடவையா.

ரூட் காஸ் அனாலிசிஸ் எப்படி இருக்கும்னு அவருக்கு என்னைவிட நல்லாவே தெரியும். ராத்திரி அவர் பண்றது அது இல்லை, அவ்ளோதான்.

இதுக்கு சைக்காலஜில ரூமினேஷன்னு பேர். சூசன் நோலன்-ஹோக்சிமாங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1991லயே இதைப் பத்தி விரிவா எழுதினாங்க. அந்த வார்த்தை மாடு அசை போடறதுல இருந்து வந்தது, ஆனா எனக்கு அதுல ஒரு வருத்தம். அசை போடற மாட்டுக்கு தீனி செரிக்குது, ஒரு கட்டத்துல முழுங்கிட்டு எந்திரிச்சு போயிடுது. நம்மாளுங்க பண்றது செக்கு மாடு சுத்தற மாதிரி, அதுலயும் செக்குக்குள்ள எள்ளே இல்லை.

சரி, அதிகமா யோசிச்சா பதில் கிடைக்கும்தானே, ஏன் கிடைக்கல? இதை சோதிச்சே பாத்திருக்காங்க. சோன்யா லுபோமிர்ஸ்கியும் நோலன்-ஹோக்சிமாவும் 1995ல வெளியிட்ட ஆய்வுல, ஏற்கனவே மனசு சோர்ந்து இருந்தவங்களையும் அப்படி இல்லாதவங்களையும் எடுத்துக்கிட்டாங்க. சில பேரை எட்டு நிமிஷம் 'நான் ஏன் இப்படி ஃபீல் பண்றேன், இதுக்கு என்ன அர்த்தம்'ங்கிற மாதிரி தன்னைப் பத்தியே யோசிக்க விட்டாங்க, மத்தவங்களை வானத்துல மேகம் கூடற மாதிரி சம்பந்தமே இல்லாத விஷயத்தை நினைக்க விட்டாங்க. அப்புறம் மனுஷங்களுக்குள்ள வர்ற சில பிரச்சனைகளைக் குடுத்து இதுக்கு என்ன செய்யலாம்னு கேட்டா, சோர்ந்த மனசோட தன்னையே நோண்டிக்கிட்டு இருந்தவங்க சொன்ன வழிதான் மோசமா இருந்துச்சு. அதே அளவு சோர்வோட இருந்து மேகத்தை நினைச்சவங்க மத்தவங்க அளவுக்கு நல்லாவே பதில் சொன்னாங்க. சோர்வு இல்லாதவங்களுக்கு எட்டு நிமிஷம் தன்னைப் பத்தி யோசிச்சதால பெருசா ஒண்ணும் ஆகல. அப்போ கோளாறு தன்னைப் பத்தி யோசிக்கறதுல மட்டும் இல்லை, மனசு கீழ கிடக்கும்போது அப்படி யோசிக்கறதுலதான். அந்த நேரத்துல ஞாபகத்துக்கு வர்றதெல்லாம் அதே நிறத்துலதான் வரும், அதான் நம்ம மெர்ச்சண்டைசருக்கு பதினாலு வருஷத்துல ஒழுங்கா போன ஷிப்மென்ட் ஒண்ணுகூட வரல, காலேஜ் புராஜெக்ட் வந்துச்சு.

இன்னொரு காரணம் கேள்வியோட வடிவம். இங்கிலாந்துல எக்ஸெட்டர் யூனிவர்சிட்டில எட்வர்ட் வாட்கின்ஸ் இதுல நிறைய வேலை பண்ணிருக்கார், சிபிடிங்கிற, யோசிக்கற விதத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சைல ரூமினேஷனுக்குன்னே தனியா ஒரு முறை உருவாக்கினவர். அவர் பிரிக்கறது என்னன்னா, ஒரே சம்பவத்தை 'ஏன், என்ன அர்த்தம்'னு பொதுப்படையா யோசிக்கலாம், இல்ல 'எப்போ, எங்க, எப்படி, எந்த வரிசைல'ன்னு குறிப்பா யோசிக்கலாம். 'நான் ஏன் கேர்லெஸ்'ங்கிற கேள்வி எங்க போய் முடியும்? எந்த பதில் கிடைச்சாலும் அடுத்த ஏன் ரெடியா நிக்கும். 'செவ்வாய்க்கிழமை கட்டிங் ரிப்போர்ட் வந்தப்போ நான் எங்க இருந்தேன்'ங்கிற கேள்விக்கு ஒரு பதில் இருக்கு, அது கிடைச்சதும் அந்த கேள்வி செத்துடும். சிந்தனைக்கும் மனச்சுழலுக்கும் நான் பாக்கற வித்தியாசம் இங்கதான்.

அப்படின்னா தன்னை ஆராய்ஞ்சு பாக்கறதே தப்பான்னா, இல்லை. நோலன்-ஹோக்சிமா டீமே 2003ல இதை ரெண்டா பிரிச்சாங்க. ஒண்ணு, நினைச்சதுக்கும் நடந்ததுக்கும் உள்ள தூரத்தைப் பாத்துட்டு புழுங்கறது. இன்னொண்ணு, வேணும்னே உக்காந்து பிரச்சனைக்கு வழி தேடறது. ரெண்டாவது வகை ஆளுங்களுக்கும் அந்த நேரத்துல மனசு கொஞ்சம் பாரமாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாத்தா சோர்வு குறைவு. புழுங்கறவங்களுக்கு அப்பவும் ஜாஸ்தி, அப்புறமும் ஜாஸ்தி. இதை நான் கிளையன்ட்ஸ்கிட்ட கட்டாயம் சொல்லுவேன், ஏன்னா நல்ல சிந்தனைன்னா உடனே மனசு லேசாகும்னு எதிர்பாத்துட்டு, ஆகலைன்னதும் விட்டுடுவாங்க.

இவருக்கு ஒரு வாரத்துக்கு ஒரு வேலைதான் குடுத்தேன். பாக்கெட் நோட்ல, யோசனை ஆரம்பிச்ச நேரம், எங்க இருந்தார், அதுக்கு சரியா முன்னாடி என்ன நடந்துச்சு, மனசுல வந்த முதல் கேள்வி, எப்போ முடிஞ்சுது. நிறுத்த முயற்சி பண்ணவே வேணாம்னு சொல்லிட்டேன். நினைக்காதேன்னு சொன்னா அதைத்தான் மனசு நினைக்கும்.

அடுத்த வாரம் நோட்டைப் பாத்தா பதினொரு என்ட்ரி. ரெண்டு மணி மட்டும்னு நாங்க நினைச்சது தப்பு, ஏழு என்ட்ரி சாயங்காலம் பைக்ல வீட்டுக்கு வர்றப்போ ஆரம்பிச்சிருக்கு, ராத்திரி நடக்கறது அதோட மிச்சம். இன்னொண்ணு அவரே கண்டுபிடிச்சார். ஓனர்கிட்ட நேர்ல பேச வேண்டி வந்து அதை இவர் ஜூனியர் மூலமா தள்ளிவிட்ட நாள்லதான் சுத்தல் ஜாஸ்தி. அதாவது இந்த யோசனை ஒரு வேலைக்குப் பதிலா உக்காந்துட்டு இருக்கு. யோசிச்சிட்டு இருக்கற வரைக்கும் ஏதோ பண்ணிட்டு இருக்கற மாதிரி தோணுது, ஓனர் ரூம் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் ரெண்டு விஷயம் பண்ணோம். ஒண்ணு, ரெண்டு நிமிஷ ரூல், இது என்னோட கண்டுபிடிப்பு இல்லை, மனச்சோர்வு சிகிச்சைல ஏற்கனவே இருக்கறது. யோசனை ஆரம்பிச்சா ரெண்டு நிமிஷம் விடுங்க, அப்புறம் கேளுங்க: பிரச்சனை ஒரு அடியாவது நகந்துச்சா, முன்ன தெரியாதது ஏதாவது தெரிஞ்சுதா, என்னை நானே திட்டறது கொஞ்சமாவது குறைஞ்சுதா. மூணுக்கும் இல்லைன்னா அது செக்குதான், எந்திரிச்சு கையை உபயோகிக்கற ஒரு வேலைக்குப் போயிடணும். அவர் அயர்ன் பண்ணார். ராத்திரி ரெண்டு மணிக்கு அயர்ன் பண்ற சத்தம் கேட்டு வீட்டம்மா என்மேல கடுப்பாயிட்டாங்க, அது வேற கதை.

ரெண்டாவது, செஷன்லயே அந்த சம்பவத்தை அவர் ஸ்டைல்லயே எழுதினோம், தேதி போட்டு. ரெண்டு லாட் துணி வந்தது தெரியும், தனித்தனியா கட் பண்ணணும்னு போன்ல சொன்னார், எழுத்துல குடுக்கல. அன்னைக்கு பையன் ஸ்கூல்ல மீட்டிங், அரை நாள் லீவு. கட்டிங் மாஸ்டர் ஷிப்ட் மாறினப்போ தகவல் போய்ச் சேரல. பேப்பரைப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "என் தப்பு இருக்குங்க மேடம், ஆனா இத்துனூண்டுதான் இருக்கு"ன்னார். தப்பே இல்லைன்னு நான் ஆறுதல் சொல்லிருந்தா அவர் நம்பிருக்க மாட்டார், ஏன்னா தப்பு நிஜமாவே இருந்துச்சு.

இது எல்லாத்துக்கும் பொருந்தாது. ஒரு சாவு, முடிஞ்சு போன கல்யாணம், இதுலயெல்லாம் லாட் நம்பர் தேட முடியாது, அங்க வேலை வேற. பூட்டினேனா கழுவினேனான்னு ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து செக் பண்ணா மட்டும் அடங்குதுன்னா அது ஓசிடியா இருக்கலாம், அதுக்கு இன்னும் விவரமா ஆராயச் சொன்னா நோயை வளக்கறதா ஆயிடும். ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் பசி போய், எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா நோட்டுப் புக்கை நம்பிட்டு இருக்காம சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்க. உயிரை விட்டுடலாமாங்கிற நினைப்பு வந்தா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழ்லயே பேசலாம், எந்த நேரமும்.

ஆறாவது வாரம் அவர் ஓனர்கிட்ட போய் பேசினார். சினிமா மாதிரி ஒண்ணும் நடக்கல, ஓனர் மன்னிப்பும் கேக்கல. "அன்னைக்கு டென்ஷன்ல சொல்லிருப்பேன், விடப்பா, அந்த பச்சை கலர் லேப் டிப் வந்துச்சா?"ன்னு கேட்டாராம். அன்னைக்கு ராத்திரியும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சாம், நோட்ல எழுதிருந்தார்: 2.10 ஆரம்பம், 2.25 முடிவு, முதல் கேள்வி - 'பச்சை லேப் டிப்புக்கு ரிமைண்டர் போட்டேனா?'