பத்து நிமிடம் என்று சொன்னால் போதுமா?

"இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும்" என்று அடுத்த அறையிலிருந்து மனைவி குரல் கொடுக்கிறார். கணினியின் முன் அமர்ந்திருக்கும் கணவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "சரி" என்கிறார். இருபது நிமிடம் கழித்து அவர் முன் வந்து நின்று கேட்டால், "நீ எப்போது சொன்னாய்?" என்று உண்மையாகவே வியக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பழக்கத்தால் வாய் பதில் சொல்லிவிடும். சொன்ன செய்தி மனத்தில் பதிந்திருக்காது. கவனக் குறைபாடான ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இது அடிக்கடி நிகழ்வதை அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நான் பார்த்து வருகிறேன். நேரம் கழிவதை உள்ளுக்குள் உணர்வதே அவர்களில் பலருக்குக் கடினம் என்பதால், "பத்து நிமிடம்" என்பது அவர்கள் காதில் வெறும் எண்ணாகவே விழுகிறது.

மேலே சொன்ன கணவர் 8:30-க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கைப்பேசியில் 8:20-க்கு அலாரம் வைத்திருந்தும் தினமும் தாமதமானது. கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "ஐந்து நிமிடம்" என்றார். மூன்று நாட்கள் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து வரச் சொன்னேன். வேலையை நிறுத்துவதில் தொடங்கிக் கதவைப் பூட்டும் வரை சராசரியாக 22 நிமிடம் ஆகியிருந்தது: கோப்பைச் சேமித்து, எங்கே விட்டோம் என்று குறித்து வைக்க 4, முகம் கழுவி உடை மாற்ற 9, பை, சாவி, கண்ணாடி தேட 6, செருப்பு மாட்டிப் பூட்ட 3. ஆக, 8:20-க்கு அலாரம் அடித்தபோதே அவர் 12 நிமிடம் பிந்திவிட்டிருந்தார். முன்கூட்டியே நினைவூட்டியும் பயனில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அளக்காமல் வைத்த அலாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனவே கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வோர் அலாரத்துக்கும் ஒரு செயலைப் பெயராக வைத்தோம். 8:00-க்கு அடிப்பதன் பெயர் "எங்கே நிறுத்துவது?". அப்போது எழ வேண்டியதில்லை. இந்தப் பத்தி முடிந்ததும், இந்த மின்னஞ்சலை அனுப்பியதும் என்று நிறுத்தும் இடத்தை மட்டும் தீர்மானித்தால் போதும். பாதியில் பிடுங்கப்படும் வேலைதான் மனத்தை இழுத்துப் பிடிக்கிறது என்பதால், வைத்த நான்கு அலாரங்களில் இதையே நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். 8:07-க்கு "மூடி, எழு". 8:20-க்கு "பை". 8:27-க்கு "செருப்பு". பழைய பத்து நிமிட அலாரம் அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் அது அடிக்கும்போது அவர் உடை மாற்றி முடித்திருக்க வேண்டும் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

முதல் வாரம் சரிவரவில்லை. 8:07 அலாரத்தைக் கை தானாகவே அணைத்துவிட்டது. அணைத்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. கைப்பேசியைக் குளியலறைக் கதவருகே வைத்த பிறகு, அதை அணைக்கவாவது எழ வேண்டியதாயிற்று. மனைவியோ, உதவும் எண்ணத்தில், ஒவ்வோர் அலாரத்துக்கும் பின்னால் தாமும் நினைவூட்டினார். எல்லாமே இரைச்சலாகிப் போனது. பிறகு அவர் 8:00-க்கு ஒரே ஒரு முறை, அறைக்குள் வந்து கண்ணில் படும்படி நின்று பேசுவது என்று முடிவாயிற்று. "சரியா?" என்று கேட்டால் "சரி" என்று மட்டுமே பதில் வரும் என்பதால், "எதோடு நிறுத்தப் போகிறீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். அதற்கு யோசிக்காமல் பதில் சொல்ல முடியாது.

சொல்லும் எண் உண்மையாக இருப்பதும் அவசியம். தாமதத்துக்குப் பயந்து, இருபது நிமிடம் இருக்கும்போதே பத்து என்று சொல்லும் வீடுகள் உண்டு. கேட்பவர் சில நாட்களிலேயே அந்தக் கள்ளக் கணக்கைப் புரிந்துகொண்டு, உண்மையான பத்தையும் இருபதாகவே எடுத்துக்கொள்வார்.

இந்த முறை எல்லோருக்கும் பொருந்தாது. சிறு குழந்தைகளின் திரை நேரத்தைப் பற்றி வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், "இன்னும் இரண்டு நிமிடம்" என்ற எச்சரிக்கை அழுகையைக் குறைக்காமல் கூட்டியிருந்தது; காட்சி தானாக முடியும் இடத்தில் நிறுத்துவது எளிதாக இருந்தது. பதற்றம் மிகுந்த பெரியவர்கள் சிலரோ, முதல் எச்சரிக்கை கேட்டதுமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கிளம்பும் வரை எதையும் செய்ய முடியாமல் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அலாரங்களைக் குறைத்து, மீதமுள்ள நேரம் வண்ணப் பரப்பாகச் சுருங்குவதைக் காட்டும் டைமரைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கிறேன்.

நான்காவது வாரத்தில் ஐந்து நாட்களில் நான்கு நாள் அவர் 8:35-க்குள் கிளம்பியிருந்தார். ஐந்தாவது நாள் மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. 8:20 அலாரத்தின் பெயரைப் "பை, சாவி, கண்ணாடி" என்று மாற்றிக்கொண்டார்.