மறைகுறியா, புலப்படாக் குறியா?

"மறைகுறி நீக்கம்" என்ற தலைப்பை மென்பொருள் கையேடுகளின் தமிழாக்கத்தில் நான்காவது முறையாகப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துவரும் குறிகளைக் களைவதுதான் விஷயம். அதைத் தமிழில் படித்த புதிய ஊழியர், "இதைத் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். அவர்மேல் தவறில்லை. தகவலைப் பூட்டி அனுப்புவதற்கு மறைகுறியாக்கம் என்ற சொல் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது. அப்படியானால் மறைகுறி நீக்கம் என்பது பூட்டைத் திறப்பதாகத்தானே இருக்க வேண்டும்?

மறைத்தல் என்ற வினை ஒருவர் வேண்டுமென்றே ஒளித்ததை உணர்த்தும். வேதத்துக்கும் இரகசியத்துக்கும் மறை என்ற சொல் போனது அந்த வழியில்தான். இங்கே யாரும் எதையும் ஒளிக்கவில்லை. குறி அங்கேயேதான் இருக்கிறது, நம் கண்ணுக்கு எட்டவில்லை, அவ்வளவே. புலன் அறியும்படி ஆவது புலப்படுவது. ஆகவே புலப்படாக் குறி என்பதே பொருந்தும். "மறைந்த எழுத்து" என்பாரும் உண்டு. அது இன்னும் மோசம். எழுத்து என்றால் ஒலி இருக்க வேண்டும். ஆய்தம்கூட ஒலிக்கிறது. இதற்கு ஒலியும் இல்லை, உருவும் இல்லை.

புலப்படாவிட்டாலும் கணினிக்கு அது முழுக் குறி. எங்கள் நூலகப் பட்டியலில் ஒருவர் வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்த நூல் எண்ணை ஒட்டித் தேடினார். நூல் இல்லை என்று வந்தது. அதே எண்ணை விரலால் தட்டினால் நூல் வந்து நின்றது. பைத்தானில் பார்த்தபோது:

```python
>>> s = 'T1047\u200b'
>>> print(s)
T1047​
>>> s == 'T1047'
False
>>> len(s.strip())
6
```

கண்ணுக்கு ஐந்து, எண்ணிக்கைக்கு ஆறு. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் `strip()` ஏன் இதை விட்டுவிட்டது? யூனிகோடு இதை இடைவெளி வகையில் வைக்கவில்லை, வடிவமைப்புக் குறிகளின் வகையில் வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் `ascii(s)` போட்டுப் பாருங்கள், ஒளிந்திருப்பது போலத் தோன்றுவது `\u200b` என்று வெளியே வந்துவிடும்.

இந்த `U+200B` குறியின் தமிழ்ப் பெயர்தான் எனக்குப் பெரிய எரிச்சல். "பூஜ்ஜிய அகல இடைவெளி" என்கிறார்கள். அகலமே இல்லாதது எப்படி இடைவெளியாகும்? ஆங்கிலப் பெயரே அப்படித்தான் என்பார்கள். அங்கே செய்த பிழையை இங்கேயும் செய்ய வேண்டுமா? இதன் வேலையைப் பாருங்கள். தாய்லாந்தின் தாய், கம்போடியாவின் கெமெர் ஆகிய மொழிகளில் சொற்களுக்கு நடுவே வெளி விடும் வழக்கம் இல்லை. வரி எந்த இடத்தில் மடியலாம் என்று கணினிக்குச் சொல்லவே இது பயன்படுகிறது. நானாக இருந்தால் மடிகுறி என்பேன். மடி என்றதும் மடிக்கணினி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. மொழிபெயர்ப்பாளர்களில் பலர் குறியின் வேலையைக் கேட்பதே இல்லை, அதன் ஆங்கிலப் பெயரை மட்டும் பெயர்த்துவைக்கிறார்கள்.

`U+00A0` வேறு சாதி. அது அகலம் உள்ள இடைவெளி, ஆனால் அந்த இடத்தில் வரியை முறியவிடாது. பிரியா இடைவெளி என்ற பெயர் அதற்குக் கச்சிதம். ஓரத்தில் இருந்தால் `strip()` அதை வெட்டிவிடும்; நடுவில் இருந்தால் சாதாரண இடைவெளி போலவே தோன்றி ஒப்பீட்டைக் கெடுக்கும்.

பெயர் தவறினால் செயலும் தவறும். மறைகுறி என்று ஒரே மூட்டையாகக் கட்டியவர்கள், எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். `U+200C` தமிழிலேயே வேலை செய்கிறது. ரிக்ஷா என்ற சொல்லில் ககர மெய்யும் ஷாவும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே நிற்க வேண்டுமானால், நடுவே இருந்து விலக்குவது அதுதான். `U+200D` இல்லாவிட்டால் சிங்கள 'ஸ்ரீ' உடைந்துபோகும். இவை மறைந்திருக்கும் களைகள் அல்ல, எழுதியவர் வைத்த குறிகள்.

எனவே நூல் எண் போன்ற புலங்களுக்கு மட்டும், சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே மாதிரி, இதைச் செய்கிறோம்:

```python
s = s.replace('\u200b', '').replace('\ufeff', '')
s = s.replace('\xa0', ' ').strip()
```

இரண்டாவதாக உள்ள `\ufeff` கோப்பின் தலையில் உட்கார்ந்து வருவது. அட்டவணைக் கோப்பில் முதல் நெடுவரிசையின் தலைப்பு பொருந்தாமல் போனால் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். நூல்பெயர், ஆசிரியர் பெயர் உள்ள புலங்களில் `U+200C`, `U+200D` இரண்டையும் தொடுவதில்லை. சாவி கேட்ட ஊழியர் எங்கள் உள்குறிப்பில் தலைப்பை "புலப்படாக் குறி களைதல்" என்று மாற்றிவிட்டார். கையேட்டுக்காரர்களுக்கும் எழுதினேன். அடுத்த பதிப்பில் "கண்ணுக்குத் தெரியாத மறைகுறி" என்று வந்திருக்கிறது.