மட்டு: x² < 4 என்பதைச் சரியாக வாசிக்க உதவும் சொல்

x² < 4 என்று கண்டதும் இருபுறமும் வர்க்கமூலம் எடுத்து x < 2 என்று எழுதிவிடுபவர்கள் பலர். −3 என்ற எண்ணைப் போட்டுப் பார்த்தால் போதும். அது 2-ஐ விடச் சிறியதுதான். ஆனால் அதன் வர்க்கம் 9, நான்கைத் தாண்டிவிடுகிறது. அதாவது x < 2 என்பது தேவையான நிபந்தனை, ஆனால் போதுமானது அல்ல.

பிழை வர்க்கமூலம் எடுப்பதில் இல்லை, x²-இன் வர்க்கமூலம் x என்று எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. √ என்ற குறி எதிரெண்ணைத் தருவதே இல்லை. x = −3 எனில் √(x²) = √9 = 3; x அல்ல, அதன் மட்டு. எனவே சரியான அடுத்த வரி |x| < 2.

மட்டு என்றால் தமிழில் அளவு, எல்லை. 'முழங்கால் மட்டுக்குத் தண்ணீர்', 'மட்டுப்படுத்து', 'அவன் மட்டும்' எல்லாம் இந்தச் சொல்லிலிருந்து வருபவை. ஐரோப்பிய மொழிகளில் புழங்கும் மாடுலஸ் லத்தீனிலிருந்து வந்தது; அங்கும் பொருள் 'சிறு அளவு'தான். அதனால் மட்டு, மட்டு மதிப்பு என்ற பெயர்கள் இயல்பாகவே பொருந்துகின்றன. இரு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே எழுதும் குறியை 1841-இல் ஜெர்மன் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் கையாண்டார். (மீதிகளைப் பற்றிய கணக்கில் வரும் 'மட்டு 5' வேறு சங்கதி; பெயர் ஒன்று, வேலை வேறு.)

எண்கோட்டில் |x| என்பது 0-விலிருந்து x இருக்கும் தூரம். ஆகவே |x| < 2 என்பதை 'பூச்சியத்திலிருந்து இரண்டு மட்டுக்குள்' என்று வாசிக்கலாம். வலப்பக்கமும் இடப்பக்கமும் சேர்த்தால் −2 < x < 2. முனைகள் இரண்டும் சேராது. அங்கே x² சரியாக 4.

சிலர் x < ±2 என்று எழுதுவார்கள். அதைப் பிரித்தால் x < 2, x < −2 என்று ஆகிறது. இரண்டாவதில் −3 மறுபடியும் நுழைந்துவிடும், 0 வெளியே போய்விடும். சமன்பாட்டில் பழகிய ± இங்கே உதவாது.

மையம் பூச்சியமாக இல்லாவிட்டாலும் இதே வாசிப்புதான். (x − 1)² < 9 என்பது |x − 1| < 3. 1-இலிருந்து மூன்று மட்டுக்குள். விடை −2 < x < 4. ஐயமிருந்தால் உள்ளே ஒரு எண், இருபுறமும் வெளியே ஒவ்வோர் எண் எடுத்துச் சோதிக்கலாம்: 0 தருவது 1, −3 தருவது 16, 5 தருவதும் 16.

குறி திரும்பி x² > 4 ஆனால் தூரம் இரண்டை மீற வேண்டும்: x < −2 அல்லது x > 2. இதை 2 < x < −2 என்று ஒரே வரியில் கோத்தால், அப்படி ஒரு எண்ணே கிடையாது.