மூன்று நஷ்டங்களுக்குப் பின் வந்த நான்காவது வாய்ப்பு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையலகம் நடத்திக்கொண்டே பங்குச் சந்தையில், வாங்கிய பங்கைச் சில நாள்களோ வாரங்களோ வைத்திருந்து விற்கும் ஸ்விங் டிரேடிங் செய்யும் ஒருவரை இங்கே வசந்தி என்று வைத்துக்கொள்வோம். வர்த்தகர்களின் கணக்குகளைப் பார்த்து ஆலோசனை சொல்லும் என் பணியில் அடிக்கடி எதிர்ப்படும் தவறு அவர் கதையில் முழுமையாக இருக்கிறது.

அவருடைய முதலீடு 4,00,000 ரூபாய். ஒரு வர்த்தகத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல், அதாவது 4,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை. லாபம் வந்தால் 8,000 ரூபாயில் வெளியேறுவது. இந்த விதியைப் பழைய விலைகளை வைத்து 200 வர்த்தகங்களில் சோதித்தபோது நூற்றுக்கு 45 வென்றன. 45 வெற்றிகளில் 3,60,000 வரவு, 55 தோல்விகளில் 2,20,000 செலவு. தரகும் வரியும் கழியுமுன் 1,40,000 ரூபாய் மிஞ்சும் முறை அது. அந்தச் சோதனையிலேயே தொடர்ந்து ஏழு நஷ்டங்கள் வந்த இடமும் இருந்தது, அதையும் அவரே நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

ஆனால் உண்மைப் பணத்தில் தொடர்ந்து மூன்று நஷ்டம் வந்து 12,000 ரூபாய் போனதும், "மார்க்கெட் மாறிடுச்சு சார், இந்த ரூல் இனிமே ஓடாது" என்றார். தோல்வி வாய்ப்பு 55 சதவீதமாக இருக்கும் முறையில், எந்த மூன்று வர்த்தகங்களை எடுத்தாலும் மூன்றுமே நஷ்டமாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒன்று. நூறு வர்த்தகங்களுக்குள் தொடர்ச்சியாக ஆறு நஷ்டம் வருவதுகூட இயல்பானதே. ஆகவே அந்த மூன்றும் விதியைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை.

நான்காவது வாய்ப்பு 820 ரூபாயில் வந்தது. விலை இறங்கினால் நஷ்டத்தை அதோடு நிறுத்த விற்றுவிடும் விலையான ஸ்டாப்லாஸ் 800, விதிப்படி 200 பங்குகள் வாங்கியிருக்க வேண்டும். அவர் வாங்கவில்லை, பங்கு 860-ஐத் தொட்டது. விட்ட லாபத்தைப் பிடிக்கும் அவசரத்தில், விதியில் இடமே இல்லாத வேறொரு பங்கை 610 ரூபாயில் 500 வாங்கினார். ஸ்டாப்லாஸ் 598 என்று போட்டார்; 500 பங்குகளுக்கு அதுவே 6,000 ரூபாய் இழப்பு, வரம்பைத் தாண்டிய தொகை. விலை 600-க்கு அருகில் வந்ததும், திரும்பிவிடும் என்று ஆர்டரை ரத்து செய்தார். மறுநாள் சந்தை 572-இல் திறந்தது. அன்றே விற்றதில் 19,000 ரூபாய் நஷ்டம்.

மொத்த இழப்பு 31,000. நான்காவதை எடுத்து அதோடு நின்றிருந்தால், அதன் 8,000 லாபம் போக 4,000 மட்டுமே போயிருக்கும். சோதனையில் கண்ட ஏழு நஷ்டங்கள் அப்படியே வந்திருந்தாலும் 28,000-தான். என் கண்ணுக்கு, பணம் போனதைவிட மோசமானது இதுதான்: விதியை மீறிய அந்த வர்த்தகத்துக்குப் பிறகு, விதி தோற்றதா, அவர் தோற்றாரா என்று அந்தக் கணக்கைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

உண்மையிலேயே விதி பழுதாகும் காலமும் உண்டு. அதை அறியும் வரம்பை நஷ்டம் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். இப்போது வசந்தி, விதி பிசகாமல் எடுத்த வர்த்தகங்களில் மட்டும் சேர்ந்த இழப்பு 40,000 ரூபாயைத் தொட்டால் நிறுத்தி மறுபடி சோதிப்பது என்று வைத்திருக்கிறார். அளவை மாற்றியோ ஸ்டாப்லாஸை நீக்கியோ செய்தவை நோட்டில் தனிப் பக்கத்துக்குப் போகின்றன.